ஆள் நீங்கியும் நீங்காத நிழல்

சில திங்களுக்கு முன்னர், அந்தமானில் பணிபுரியும் ஆசிரிய நண்பர் ஒருவர் எனக்கு ஓர் ஒளிப்படத்தை அனுப்பியிருந்தார். ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024-ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேயர் என்று வழங்கிய நகரில், ஒரு பள்ளி வளாகத்தில் அமைக்கப்பட்ட ஸ்டீவன்சன் பெட்டியின் படம் அது. வெப்பமானிகளை வெயில் படாமல் காக்கும் வெண்ணிறப் பலகணிப் பெட்டியை நம் வாசகர்கள் அறிவர். படம் எடுத்த வேளையில் பெட்டிக்கு அருகே ஒருவர் நின்றுவிட்டார். அவர் அதிகாரியும் அல்லர், மாணவரும் அல்லர், வழியே போனவர். படம் ஒரு வெளியீட்டின் முகப்புக்கு வேண்டியிருந்ததால், கணிப்பொறியில் அவரை நீக்கிவிட்டார்கள். அச்சாகி வந்த படத்தை வகுப்பில் காட்டியபோது, எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, இந்த நிழல் யாருடையது?" என்று கேட்டாளாம். ஆளை நீக்கியவர் நிழலை நீக்க மறந்திருந்தார். நடைபாதையில் கால்களும், அப்பால் சுவரின்மேல் தோளும் தலையுமாக ஒரு நெடிய நிழல், உடையவன் இன்றித் தனியே நின்றது.

நண்பர் என்னிடம் கேட்டது சிறிய உதவி: "மூலப்படம் இருக்கிறது, மறுபதிப்புக்காக நிழலையும் முறையாக நீக்கித் தர இயலுமா?" மொழிபெயர்ப்பதே என் தொழில் எனினும், சிற்றிதழ்ப் பணியில் படங்களைச் சீர்செய்யும் வேலையும் பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்து பழகிவிட்டது. எடுத்துக்கொண்டேன். ஆளை நீக்குவதற்கு ஆன நேரம் ஐந்து நிமிடம். நிழலுக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் கழிந்தது. அம் மாலையில் கண்டவற்றையும், அதன் முடிவில் எனக்குத் தோன்றிய கருத்தையும் இங்கே கூற விரும்புகிறேன். இத்தகைய படங்களை எடுப்போரும், அவற்றை வைத்துப் பாடம் நடத்துவோரும் நம் வாசகர்களே ஆதலின், இஃது அவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

முதலில், நிழல் ஏன் அவ்வளவு நீண்டிருந்தது என்பதைப் பார்ப்போம். படம் டிசம்பர்த் திங்கள் மூன்றாம் வாரத்தில், பிற்பகல் 4 மணிக்கு எடுக்கப்பட்டது. சென்னையில் அந்நேரம் வெயில் சாய்ந்திருக்குமேயன்றி, மாலை மயங்கியிராது. அந்தமானில் நிலைமை வேறு. இந்தியத் திட்ட நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை ஒட்டியது. ஸ்ரீ விஜயபுரமோ ஏறக்குறைய 92¾ பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், அங்கே கதிரவன் கடிகாரத்தை 41 நிமிடம் முந்திச் செல்கிறான். கடிகாரம் நான்கு காட்டும்போது வானம் நாலே முக்கால் மணியளவில் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அவ்வேளையில் கதிரவன் அடிவானத்திலிருந்து 12½ பாகை உயரத்தில் மட்டுமே நிற்பான். ஒருவர் நிழல் அவர் உயரத்தைப்போல் நாலரை மடங்கு நீளும். 1.6 மீட்டர் உயரமுள்ளவருக்கு 7.2 மீட்டர் நிழல். அதே நாளில் அதே மணிக்குச் சென்னையில் கதிரவன் 22 பாகை உயரத்தில் இருப்பான். அதே ஆளின் நிழல் நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவு. தலைநிலத்திலிருந்து மாற்றலாகிச் செல்லும் அலுவலர்கள் பழைய பழக்கத்தால் நான்கு மணிக்குப் படம் எடுக்கப் புறப்பட்டு, அந்தமானில் நிழல்களின் காட்டில் சிக்கிக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

நம் படத்தில் அந்த நிழல் முழுதும் தரையில் விழவில்லை. ஆளிலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் சுண்ணாம்பு பூசிய சுற்றுச்சுவர் ஒன்று குறுக்கிட்டது. ஆகவே இடுப்புவரையுள்ள நிழல் நடைபாதையின் சிமெண்டுத் தளக்கற்களில் கிடந்தது. எஞ்சிய பகுதி சுவரின்மேல் ஏறி 70 செ.மீ. உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. ஒரே ஆளின் ஒரே நிழல் எனினும், இவ்விரண்டையும் இரு வேறு நிழல்களாகக் கொண்டால்தான் வேலை நடக்கும். இதை நான் முதலில் உணரவில்லை. உணர்வதற்குள் ஒரு மணி நேரம் வீணாயிற்று.

நிழல் என்பது கறுப்பு வண்ணம் அன்று. நேர்வெயில் தடைப்பட்ட இடத்திலும் வானத்திலிருந்து பரவிவரும் ஒளி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. வெயில் விழும் இடத்தில் இரண்டும் சேர்ந்து விழுகின்றன. நிழலில் வானொளி மட்டும். மாலை வெயில் மஞ்சட் செம்மை கலந்தது. வானொளியோ நீலம் சார்ந்தது. எனவே நிழல் மங்கலாக இருப்பதோடு, சற்று நீலம் பாய்ந்தும் இருக்கிறது. படத்தைக் கணிப்பொறியில் திறந்து, ஒரே தளக்கல்லின் வெயிற் பகுதியையும் நிழற் பகுதியையும் அளந்தபோது இது தெளிவாயிற்று. வெயிலில் சிவப்பு 180, பச்சை 168, நீலம் 148. நிழலில் சிவப்பு 103, பச்சை 105, நீலம் 108. வெயிலில் சிவப்பு மிகுதி. நிழலில் நீலம் மிகுதி. நிழற்பகுதியின் ஒளியை மட்டும் பொதுவாக உயர்த்துவோர், முடிவில் நடைபாதையில் நீலச் சாயம் கொட்டியது போன்ற ஒரு மனித வடிவத்தைப் பெறுகின்றனர். நிழல் போய்விட்டது, ஆனால் அதன் ஆவி போகவில்லை.

செய்யவேண்டியது பெருக்கல், கூட்டல் அன்று. இது முக்கியமான வேறுபாடு. தளக்கல்லின் ஒரு கரும்புள்ளியும் அதன் பக்கத்து வெண்பரலும் நிழலில் ஒரே விகிதத்தில் மங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் அவற்றிடை வேறுபாடு வெயிலில் இருந்த அளவுக்கு விரியாமல், பனி மூடியது போல் வெளிறும். ஒரே எண்ணால் பெருக்கினால் வேறுபாடும் உரிய அளவுக்குத் திரும்பும். சிவப்பை 180/103, அதாவது 1.75 மடங்கும், பச்சையை 1.6 மடங்கும், நீலத்தை 1.37 மடங்கும் பெருக்கவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் GIMP என்னும் மென்பொருளில் இதற்கு எளிய வழி உண்டு. Levels என்னும் கட்டளையில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே தேர்ந்து, Input Levels வரிசையின் வலக்கோடி எண்ணான 255-ஐ அந்த மடங்கால் வகுத்த எண்ணாக மாற்றினால் போதும். சிவப்புக்கு 146, பச்சைக்கு 159, நீலத்துக்கு 186. இதைப் படத்தின் மேல் நேரே செய்யாமல், படத்தின் நகலடுக்கு ஒன்றில் செய்து, அதன்மேல் Layer Mask இட்டு, நிழல் இருந்த இடத்தில் மட்டும் புலப்படுமாறு வைக்கவேண்டும். தவறினால் திருத்தலாம், மூலப்படமும் அடியில் பத்திரமாக இருக்கும்.

அளவெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. வெயில் மாதிரியையும் நிழல் மாதிரியையும் ஒரே தளக்கல்லில், நிழலின் விளிம்புக்கு இருபுறமும் எடுக்கவேண்டும். வேறு கல்லில் எடுத்தால் கல்லின் நிற வேறுபாடும் கணக்கில் நுழைந்துவிடும். ஒரு படப்புள்ளியை மட்டும் தொட்டு அளப்பதும் கூடாது. பத்துப் பதினைந்து படப்புள்ளி அகலமுள்ள பரப்பின் சராசரியைக் கொள்ளவேண்டும்.

அடுத்தது விளிம்பு. கருநிழல், புறநிழல் என்னும் பாடத்தைச் சந்திர கிரகணத்தோடு முடித்துவிடுகிறோம். ஆனால் அது நம் காலடியிலேயே கிடக்கிறது. கதிரவன் ஒரு புள்ளி அல்லன். அரைப்பாகை அகலமுள்ள வட்டம். ஆகவே நிழலின் ஓரம், அதை வீழ்த்தும் உறுப்பிலிருந்து விலகும் தொலைவுக்கு ஏற்ப மங்கி விரிகிறது. தொலைவில் ஏறத்தாழ 108-இல் ஒரு பங்கு என்று கொள்ளலாம். பாதத்தின் நிழல் பாதத்தை ஒட்டியே விழுவதால் அதன் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். சுவரின்மேல் விழுந்த தலைநிழலுக்கும் தலைக்கும் இடையே 4 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே ஓரம் ஏறக்குறைய 4 செ.மீ. அகலத்துக்கு மங்கியிருந்தது. சுவர் இல்லாமல் நிழல் தரையிலேயே 7 மீட்டர் ஓடியிருந்தால், தலையின் பக்க விளிம்பு 7 செ.மீ. அளவும், உச்சியின் விளிம்பு, கதிர் தரையில் சாய்ந்து விழுவதால், 30 செ.மீ. அளவும் மங்கியிருக்கும். பாதம் முதல் தலைவரை ஒரே அளவு மங்கலான விளிம்போடு நிழலைத் தேர்ந்தெடுப்பவர் எங்கேனும் ஓரிடத்தில் பிழை செய்தே தீருவார்.

நான் செய்தது இது. சுவரடியில் 60 செ.மீ. அகலமுள்ள ஒரு தளக்கல் படத்தில் 300 படப்புள்ளிகள் இருந்தது; ஆகவே 4 செ.மீ. என்பது 20 படப்புள்ளி. முகமூடி அடுக்கைப் பாதத்தருகே கூர்மையான தூரிகையாலும், முழங்காலருகே சற்று மென்மையானதாலும், சுவரடியில் 20 படப்புள்ளி மங்கும் தூரிகையாலும் வரைந்தேன். சரியாக வந்ததா என்பதை விளிம்பே சொல்லிவிடும். வெளியோரத்தில் மெல்லிய கருங்கோடு எஞ்சினால் முகமூடி குறுகியிருக்கிறது. வெண்கோடு தோன்றினால் அகன்றிருக்கிறது. கண் பழகிவிட்டால் இக்கோடுகள் மறைந்துவிடும் ஆதலால், படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். ஓவியர் ஒருவரிடம் கற்ற பழக்கம் அது.

நடைபாதை வேலை முடிந்தது என்று எண்ணி எழுந்திருக்க இருந்தேன். அப்போதுதான் பெட்டியைச் சுற்றியிருந்த கம்பி வேலியின் நிழல் கண்ணில் பட்டது. வேலியின் ஒரு கிடைக்கம்பியின் நிழல் நடைபாதையில் ஓடி, அம்மனிதரின் நிழலுக்குள் நுழைந்து மறைந்து, மறுபுறம் வெளிவந்தது. ஒரே கதிரவன் வீழ்த்தும் இரு நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இருள் இரட்டிப்பதில்லை; தடுக்கப்பட்ட வெயிலை மீண்டும் தடுக்க இயலாது அல்லவா? ஆகவே மனித நிழலுக்குள் கம்பி நிழலின் சுவடே இல்லை. மனித நிழலை ஒளியேற்றியதும், கம்பி நிழல் நடுவே இரண்டு சாண் அறுந்து நின்றது. வேலிக்கம்பி அறுபடாமல் இருக்க, அதன் நிழல் மட்டும் அறுந்திருக்கிறது! ஆள் நின்றதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அறுந்த பகுதியில் முகமூடியைக் கம்பியின் அகலத்துக்கு மீண்டும் மூடி, அடியிலிருந்த பழைய நிழலையே புலப்படவிட்டு இணைத்தேன். நீக்கவேண்டிய நிழலின் ஒரு துண்டே வேறொரு நிழலுக்கு உரியதாகிறது. இதைக் கவனியாமல் விட்ட படங்கள் அச்சில் எத்தனையோ உண்டு.

இனிச் சுவர். இங்கே பெருக்கல் முறை என்னைக் கைவிட்டது. காரணம் எளிது. தாழ்ந்த கதிரவனின் ஒளி தரையில் மிகச் சாய்வாக, ஐந்தில் ஒரு பங்கு வலிமையோடுதான் விழுகிறது. அவனை எதிர்நோக்கி நிற்கும் சுவரில் ஏறக்குறைய முழு வலிமையோடு விழுகிறது. எனவே அந்த மாலையில் தரையைவிடச் சுவரில் வெயிலுக்கும் நிழலுக்கும் வேறுபாடு மிகப் பெரிது. அளந்தபோது வெயிலில் சிவப்பு 238, நிழலில் 82. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தரைக்கு எடுத்த எண்களைச் சுவருக்கும் வைத்து நான் இழந்த ஒரு மணி நேரம் இதனால்தான். சுவருக்குத் தனி எண்களை வைத்தபோதோ வேறு தொல்லை எழுந்தது. கைபேசியில் எடுத்துச் சுருக்கிச் சேமித்த படத்தில், இருண்ட பகுதியின் நுண்விவரம் ஏற்கெனவே சிதைந்திருக்கும். அதை மூன்று மடங்கு பெருக்கினால் சிதைவும் மூன்று மடங்கு பெருகும்; சுவரில் சதுரம் சதுரமாகத் திட்டுக்கள் தோன்றின. சுருக்கப்படாத மூலக்கோப்பு இருந்திருப்பின் இத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

ஆகவே சுவரில் Clone கருவியால் ஒட்டுப்போடும் முறைக்குத் திரும்பினேன். வெயில் விழுந்த பக்கத்துச் சுவர்ப்பகுதியை எடுத்து நிழலின்மேல் பதிக்கும் முறை இது. எடுக்கும் இடமும் பதிக்கும் இடமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். ஏனெனில் அந்தமான் மழைக்குச் சுவரின் அடிப்பகுதியில் சேறு தெறித்த பட்டையும், மேலிருந்து வழிந்த கரும்பாசிக் கோடுகளும் இருந்தன. ஒரே இடத்திலிருந்து திரும்பத்திரும்ப எடுத்தலும் ஆகாது. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பெய்ரூட் நகரப் புகைமண்டலத்தை இக்கருவியால் பெருக்கிக் காட்டிய ஒரு படத்தை ராய்ட்டர் செய்தி நிறுவனம் வெளியிட்டுப் பின் திரும்பப்பெற்றதும், அப்படத்தை எடுத்தவரின் 920 படங்களையும் தன் விற்பனையிலிருந்து நீக்கியதும் பலருக்கு நினைவிருக்கலாம். புகையின் ஒரே சுருள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்ததைப் பொது வாசகர்களே கண்டுவிட்டனர். இயற்கை ஒரே கறையை இருமுறை போடுவதில்லை. என் சுவரில் ஒரு விரிசல் மூன்று இடத்தில் முளைத்திருந்ததை, நல்லவேளையாக, அனுப்புமுன் கண்டேன்.

பாசிக்கோடுகள் நிழலினூடே எங்கெங்கே இறங்கின என்பதை அறியப் பெருக்கல் முறையின் திட்டுப்படிந்த படமே வழிகாட்டியாக உதவியது. அதைப் பார்த்து, கோடு உள்ள இடத்தில் கோட்டையே எடுத்துப் பதித்தேன். Heal என்னும் கருவி விளிம்புகளைத் தானே இழைத்துவிடும் என்று பலர் முதலிலேயே அதைக் கையாளுகின்றனர். அது சுற்றுப்புறத்து நிறத்தை உள்வாங்குவது. நிழலின் பகுதி சிறிதேனும் எஞ்சியிருக்கையில் பயன்படுத்தினால் அந்த இருளையும் உள்ளே இழுத்துப் பூசிவிடும். நிழல் முழுதும் மறைந்தபின், இறுதியில் மட்டுமே அதற்கு இடம்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை எஞ்சியது. அதை எந்தப் பெருக்கலாலும் தீர்க்க இயலாது என்பதைச் சொல்லிவிடவேண்டும். சாய்ந்த வெயில் தரையின் ஒவ்வொரு பரலுக்கும் ஒரு குறுநிழலைத் தந்து, சொரசொரப்பை எடுத்துக்காட்டுகிறது. மனிதரின் நிழலுக்குள்ளோ வானொளி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் பரல்களுக்குக் குறுநிழலே இல்லை. ஒளியேற்றிய பகுதி நிறத்தில் பொருந்தியும், தொட்டால் வழுக்கும் போன்ற மழமழப்போடு இருந்தது. பக்கத்துக் கல்லின் சொரசொரப்பைப் பாதி அழுத்தத்தில் அதன்மேல் பதித்துச் சமாளித்தேன். கல் இணைப்புகளும் கறைகளும் உண்மையானவை. பரல்கள் பக்கத்து வீட்டுப் பரல்கள். இதை மறைப்பதில் பயனில்லை.

இவ்விடத்தில் நண்பர் ஓர் ஐயம் எழுப்பினார். பத்து நிமிடம் கழித்து, ஆள் போனபின், அவரே எடுத்த இன்னொரு படம் இருக்கிறதாம். அதிலிருந்து நடைபாதையை வெட்டி ஒட்டிவிட்டால் என்ன? நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தமானின் அந்த நேரத்தில் பத்து நிமிடம் என்பது நெடுங்காலம். கதிரவன் 12½ பாகையிலிருந்து 10¼ பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறான், 7.2 மீட்டர் நீளும் நிழல் 8.8 மீட்டராகிவிடுகிறது. வேலியின் நிழல், பெட்டியின் நிழல் எல்லாம் இடம் பெயர்ந்து, வெயிலின் நிறமும் சிவந்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் எடுத்த மறுபடமாயின் பொருந்தும். களப்பணியாளர்கள் முக்காலியைப் பெயர்க்காமல், குறுக்கே வந்தவரை விலகச் சொல்லி அப்பொழுதே மறுபடம் எடுத்துவிடுவது, என் ஒரு மாலைப்பொழுதைவிட மலிவானது. கூட்டம் ஓயாத இடமாயின், அசையாமல் நிறுத்திய கருவியால் ஒரு நிமிடத்துக்குள் ஏழெட்டுப் படங்கள் எடுத்து, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அவற்றின் நடுமதிப்பைக் கொள்ளலாம். நடமாடுவோர் தாமும் தம் நிழலும் ஒருங்கே மறைவர். நின்று உரையாடுவோர் மறையார்.

இதுவரை கூறியது எப்படி நீக்குவது என்பது. நீக்கலாமா என்பதே எனக்குப் பெரிய வினாவாக இருந்தது. சீர்செய்த படத்தை நண்பருக்கு அனுப்பும் முன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றம் காண இயலாதபடி அமைந்துவிட்டது. அதுவே என் மனத்தை உறுத்தியது. முதற்படத்தில் ஆளில்லா நிழல், பிழையாக இருந்தாலும், "இங்கே ஒருவர் இருந்தார்" என்று உண்மை கூறிற்று. என் கைவேலை அந்த வாயையும் அடைத்துவிட்டது.

படத்திலிருந்து ஆளை நீக்குதல் விளையாட்டாக மட்டும் நடந்ததன்று. மாஸ்கோ-வோல்கா கால்வாயோரம் ஸ்டாலினோடு நடந்த நிக்கோலாய் எசோவ், 1940-இல் சுட்டுக்கொல்லப்பட்டபின் அந்தப் படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் கால்வாயின் நீரை வரைந்து நிரப்பினர். நம் பள்ளி முகப்புப்படத்தை அதோடு ஒப்பிடுவது மிகை என்று நண்பர் சிரித்தார். நோக்கத்தில் மிகையே, ஆனால் செய்கையில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது எளிதன்று.

எனவே என் கருத்தை இவ்வாறு வகுத்துக்கொண்டேன். முகப்பை அழகு செய்யும் படத்தில், வழியே போனவரையும் அவர் நிழலையும் நீக்கலாம். அவருக்கும் அதுவே மகிழ்ச்சியாக இருக்கக்கூடும். ஆனால் ஒரு கருவி எங்கே, எப்படி நிறுவப்பட்டது என்பதற்குச் சான்றாக வைக்கும் படத்தில் நீக்கக்கூடாது. அங்கே நிழல் வெறும் அழுக்கு அன்று, அளவுத் தரவு. டிசம்பர் மாலையில் அந்நிழல் கிழக்கு-வடகிழக்கே சாய்கிறது. அதைக்கொண்டு பெட்டியின் கதவு, இருக்கவேண்டியபடி, வடக்கு நோக்கியிருக்கிறதா என்று படத்திலிருந்தே சரிபார்க்கலாம். உயரம் தெரிந்த ஆளின் நிழல் முழுதும் தரையில் விழுமாயின், அதன் நீளத்தைக்கொண்டு படம் எடுத்த நேரத்தையும் ஏறக்குறையக் கணிக்கலாம். குறிப்பேட்டில் எழுதிய நேரம் தவறானது என்பதை இவ்வாறு கண்டவர்கள் உண்டு. படத்தில் பெட்டியின் நிழலும் இருக்கிறதே, அது போதாதா எனின், போதும். ஆனால் ஓரிடத்தில் நிழலைத் திருத்திய கை மற்றோரிடத்தில் திருத்தவில்லை என்பதற்குப் பிறகு யார் உறுதி கூறுவது?

நீக்கித்தான் ஆகவேண்டுமெனில், படத்தின் அடியில் "படத்தில் நின்ற ஒருவரும் அவர் நிழலும் நீக்கப்பட்டன" என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன இழப்பு? ஒன்பது சொற்கூட இல்லை. மூலப்படத்தைப் பெயர் மாற்றாமல் தனியே காத்து வைக்கவும் வேண்டும். திருத்திய கோப்பை மூலத்தின்மேலேயே சேமித்துவிடுவதுதான் அலுவலகங்களில் நான் மிகுதியாகக் காணும் தவறு. அதன்பின் எது கல், எது ஒட்டு என்று செய்தவருக்கே தெரியாது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். ஆங்கிலத்தில் ஆளின் வடிவம் காட்டும் நிழலுக்கு ஒரு சொல்லும், மரத்தடிக் குளிர்ச்சிக்கு வேறொரு சொல்லும் உண்டு. நாம் இரண்டையும் நிழல் என்கிறோம். போதாதென்று ஒளிப்படத்தையே நிழற்படம் என்று வழங்குவாரும் உளர். கருவி விளக்கங்களைத் தமிழாக்கும்போது இது என்னை அடிக்கடி இடறச் செய்கிறது. 'நிழலை நீக்கு' என்று எழுதினால், படம் முழுவதும் இருண்ட பகுதிகளை வெளிறச் செய்யும் கட்டளை என்று ஒருவர் கொள்ள, ஆளின் நிழல் என்று மற்றொருவர் கொள்கிறார். 'விழுநிழல்' என்று எழுதிப் பார்த்தேன். அச்சகத்தில் 'விழுப்புண்' நினைவில் யாரோ திருத்திவிட்டார்கள்.

நண்பருக்கு இரண்டு படங்களை அனுப்பினேன். ஒன்று ஆளும் நிழலும் நீங்கியது. மறுபதிப்பின் முகப்புக்கு, அந்த ஒரு வரியோடு. மற்றொன்று ஆளும் நிழலும் நிற்கும் மூலப்படம், வகுப்பறைக்கு. அவர் எழுதிய மறுமொழியில், நிழலைப் பற்றிக் கேட்ட சிறுமியிடம் இரண்டாவது படத்தைக் காட்டியதாகவும், அவள் அதிலுள்ள ஆளைவிட, வேலிக்கம்பியின் நிழல் அவர் நிழலுக்குள் ஏன் மறைகிறது என்பதிலேயே முனைந்திருந்ததாகவும் குறிப்பிட்டிருந்தார். மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்கு வகுப்பு முழுவதும் அதே நடைபாதையில் கோலும் அளவுநாடாவுமாக நின்றதாம்.